அக்காவோட 33 லட்சம்: ஜவ்வாது மலையில வீடா, பேங்க் எஃப்டியா?

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல பாதி பேர் கேட்டிருந்த கேள்வி ஒண்ணுதான்: "நான் வெளிநாட்டுல இருக்கேன், ஊர்ல வீடு வாங்கட்டுமா, இல்ல காசை பேங்க்லயே போட்டு வைக்கட்டுமா?" இதுக்குப் பொதுவா பதில் சொல்ல எனக்கு விருப்பமில்ல. ஏன்னா இதே கேள்வி போன மாசம் எங்க வீட்டுலயே வந்தது. மூணு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்ல சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். அந்தக் கணக்கை அப்படியே உங்ககிட்ட சொல்றேன். சில தொகைகளை மட்டும் முழு எண்ணா மாத்தியிருக்கேன்.

எங்க அக்காவும் மாமாவும் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறாங்க. பத்து வருஷம் கழிச்சு ஊர் திரும்புறதா பிளான். கையில இருக்கிற சேமிப்பு கிட்டத்தட்ட 33 லட்சம். அவங்க ரெண்டு பேரோட மொத்த சேமிப்பே அதுதான். அப்பா ரிட்டயர்டு வாத்தியார். ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். இப்போ அப்பாவும் அம்மாவும் கீழ போளூர்ல வாடகைக்கு இருக்காங்க. அப்பாவுக்கு திரும்ப மலைக்குப் போகணும்னு ஆசை. அந்தக் குளிர், அந்த சாமை சோறு, பலாப்பழ சீசன் எல்லாம் சொல்ல ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார்.

அப்போதான் ஒரு தரகர் போன் பண்ணினார். ஜமுனாமரத்தூர்ல 5 சென்ட் இடம், 1,000 சதுர அடியில கட்டின வீடு, விலை 30 லட்சம். "சார், டூரிஸ்ட் கூட்டம் ஏறிட்டே போகுது. பத்து வருஷத்துல டபுள் ஆகும்"னு சொன்னார். அப்பா உடனே ரெடி. மாமாவோ, "எஃப்டியும் பத்து வருஷத்துல கிட்டத்தட்ட டபுள் ஆகுது மாமா, அதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?"னு கேட்டார். அக்கா என்னைப் பார்த்து, "நீதான் இன்ஜினியர், கணக்குப் போட்டு சொல்லுடா"ன்னுட்டா.

பத்து வருஷம் கழிச்சு வர்ற ஒரு லட்சம்

முதல்ல ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும். அப்புறம் எல்லாமே கூட்டல் கழித்தல்தான்.

வெளிநாட்டுல இருக்கிறவங்க அங்க சம்பாதிச்ச காசை இங்க ரூபாய்ல போட்டு வைக்கிற கணக்குக்குப் பேரு என்ஆர்இ. அதுல வர்ற வட்டிக்கு இந்தியாவுல வருமான வரி கிடையாது. வட்டி வருஷத்துக்கு 6.5 சதவீதம்னு வைப்போம். இன்னைக்கு 53,270 ரூபாய் போட்டா பத்து வருஷத்துல அது 1 லட்சம் ஆகும். அதை அப்படியே திருப்பிப் பாருங்க. பத்து வருஷம் கழிச்சு உங்க கைக்கு வரப்போற 1 லட்சத்தோட இன்றைய மதிப்பு 53,270 ரூபாய்தான். யாராவது "பத்து வருஷம் கழிச்சு உனக்கு 1 லட்சம் தரேன், இப்போ 60,000 கொடு"ன்னா கொடுக்கக் கூடாது. பேங்க்ல போட்டா அதைவிடக் குறைஞ்ச காசுல அதே 1 லட்சம் வந்துடும்.

வீடு வாங்குறதும் இதே மாதிரி ஒரு பேரம்தான். இன்னைக்கு ஒரு தொகை கொடுக்கிறோம். பதிலுக்கு ரெண்டு விஷயம் வருது. ஒண்ணு, வருஷா வருஷம் வாடகை. ரெண்டு, கடைசியில விக்கும்போது ஒரு பெரிய தொகை. இந்த ரெண்டையும் இன்றைய மதிப்புக்கு மாத்திக் கூட்டணும். அது நாம கொடுக்கிற காசைவிட அதிகமா இருந்தா வீடு ஜெயிக்குது, குறைவா இருந்தா எஃப்டி ஜெயிக்குது.

முதல்ல நாம உண்மையில கொடுக்கிறது எவ்வளவு? வீட்டு விலை 30 லட்சம். தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம், அதாவது 2.7 லட்சம். வக்கீல், பத்திரம் எழுதுற செலவு எல்லாம் சேர்த்து 30,000. ஆக 33 லட்சம். தரகர் சொன்ன "டபுள்" 30 லட்சத்துக்கு. எங்க அக்கா கையை விட்டுப் போறது 33 லட்சம். இந்த 3 லட்சத்தை எல்லாரும் கணக்குல மறந்துடுறாங்க.

வாடகை: பார்க்கத்தான் பெருசு

ஜமுனாமரத்தூர்ல அந்த மாதிரி வீட்டுக்கு மாசம் 8,000 வாடகை வரும்னு அப்பாவோட பழைய நண்பர்கள் சொன்னாங்க. அங்க வாடகைக்கு வர்றவங்க பெரும்பாலும் டீச்சர்கள், அரசு ஊழியர்கள். டிரான்ஸ்ஃபர் ஆனா காலி பண்ணிடுவாங்க. அதனால வருஷத்துக்கு ஒரு மாசம் வீடு காலியா இருக்கும்னு வெச்சேன். 11 மாசம், 88,000. வீட்டு வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர், மழைக்கு அப்புறம் ஓதம், இதுக்கெல்லாம் வருஷம் 18,000. கையில நிக்கிறது 70,000. வாடகை வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறும்னு தாராளமாவே வெச்சேன்.

இங்க ஒரு சிக்கல். வீட்டு ஓனர் என்ஆர்ஐயா இருந்தா, வாடகைக்கு இருக்கிறவர் வாடகையில 31.2 சதவீதம் வரி பிடிச்சு அரசுக்குக் கட்டணும். வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் இது பொருந்தும். அக்காவுக்கு இந்தியாவுல வேற வருமானம் இல்லாததால, ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா பிடிச்சது முழுசா திரும்ப வந்துடும். அதனால கணக்குல வாடகைக்கு வரி போடல. ஆனா மலையில 8,000 வாடகைக்கு வர்ற ஒரு வாத்தியார்கிட்ட இதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பீங்க? அவர் பிடிக்கலைன்னா சட்டப்படி பிரச்சினை அவருக்குத்தான்.

சரி, இந்தப் பத்து வருஷ வாடகையோட இன்றைய மதிப்பு எவ்வளவு? நாலு வரி கோடு போதும்:

```
r, g, rent, cost = 0.065, 0.05, 70000, 3300000
pv = sum(rent*(1+g)**(t-1)/(1+r)**t for t in range(1, 11))
need = (cost - pv)*(1+r)**10
print(round(pv), round(need))
```

முதல் எண் கிட்டத்தட்ட 6.17 லட்சம். பத்து வருஷ வாடகை மொத்தமும் சேர்ந்து, நாம கொடுக்கிற 33 லட்சத்துல ஐந்துல ஒரு பங்கைக்கூட ஈடுகட்டல. இதைப் பார்த்ததும் அப்பா, "நாங்களே அங்க குடியிருந்தா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அப்போ வாடகை வராது, ஆனா அதே மாதிரி வீட்டுக்கு அவர் கொடுக்க வேண்டிய வாடகை மிச்சம். காலி மாசமும் கிடையாது. போட்டுப் பார்த்தேன். 6.88 லட்சம் வந்தது. 70,000 ரூபாய்தான் கூடுச்சு.

ஆக, மிச்சம் 26.83 லட்சத்தையும் கடைசியில விக்கிற விலைதான் தூக்கிட்டு வரணும். வீட்டுக்கணக்குல பெரும்பகுதி இருக்கிறது அங்கதான். நமக்கு ரொம்பக் குறைவா தெரிஞ்சதும் அதுதான்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்க

இந்த இடத்துல எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா, "நிலம் வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறும்"னு ஒரு நம்பரை எக்செல்ல அடிப்பாங்க. வீடு ஜெயிச்சுடும். 5-னு அடிச்சா எஃப்டி ஜெயிச்சுடும். நமக்குப் பிடிச்ச விடை வர்ற வரைக்கும் நம்பரை மாத்தலாம். நானும் முதல் வாரம் இதைத்தான் பண்ணினேன். அப்பாவுக்கு ஒரு ஷீட், மாமாவுக்கு ஒரு ஷீட்.

அப்புறம்தான் தோணுச்சு. வளர்ச்சியை ஊகிக்காம, வீடு எஃப்டிக்குச் சமமாக எவ்வளவுக்கு வித்தாகணும்னு கண்டுபிடிக்கலாமே? அந்தக் கோடுல ரெண்டாவது எண் அதுதான்: 50.36 லட்சம். இது கையில நிக்க வேண்டிய தொகை. தரகு 2 சதவீதம் போகும். லாபத்துக்கு 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி, அது மேல செஸ், ஆக 13 சதவீதம் போகும். 2024 ஜூலை 23-க்கு அப்புறம் பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி வாங்கின விலையை உயர்த்திக் காட்டுற வசதி என்ஆர்ஐக்குக் கிடையாது. இதையெல்லாம் கழிச்சு 50.36 லட்சம் நிக்கணும்னா, வீட்டை 54 லட்சத்துக்கு வித்தாகணும்.

30-ல இருந்து 54. வருஷத்துக்கு 6 சதவீத ஏற்றம். கேட்கும்போது "இது வந்துடுமே"ன்னுதான் தோணும். அக்காவும் அதைத்தான் சொன்னா.

ஆனா 30 லட்சத்துல இடம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு? இடம் 10 லட்சம், கட்டடம் 20 லட்சம். இடம் ஏறும், கட்டடம் தேயும். சிமென்ட், கம்பி, கூலி விலை ஏறுறதால பழைய கட்டடத்துக்கும் கொஞ்சம் மதிப்பு கூடும்தான். ரெண்டையும் சமன்பண்ணி, பத்து வருஷம் கழிச்சும் கட்டடத்துக்கு 20 லட்சம் தருவாங்கன்னு வைப்போம். அப்போ மீதி 34 லட்சம் 5 சென்ட் இடத்துல இருந்து வரணும். 10 லட்சம் 34 லட்சம் ஆகணும். அது வருஷத்துக்கு 13 சதவீதம், பத்து வருஷம் விடாம.

வெறும் "6 சதவீதம்"னு கேட்கிறதுக்கும் "சென்ட் 2 லட்சம் போற இடம் 6.8 லட்சம் போகுமா?"ன்னு கேட்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. ரெண்டாவது கேள்வியை ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்க முடியும். அப்பா கேட்டார். யாரும் ஆமான்னு சொல்லல.

நீங்களும் இதைப் பண்ணலாம். tnreginet.gov.in தளத்துல பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று, அதான் ஈசி, போட்டுப் பாருங்க. எந்த வருஷம் என்ன விலைக்குப் பதிவாச்சுன்னு அதுல இருக்கும். பதிவு விலை நிஜ விலையைவிடக் குறைவா காட்டப்பட்டிருக்கலாம். ஆனா இன்னொரு விஷயம் அதுல தெளிவா தெரியும்: கடைசிப் பத்து வருஷத்துல அங்க எத்தனை விற்பனை நடந்திருக்குன்னு. விற்பனையே ரெண்டு மூணுதான்னா, நாம நினைக்கிற விலைக்கு நாம நினைக்கிற நேரத்துல ஆள் கிடைக்காது.

மலையில வாங்குறதுக்கு யார் இருக்காங்க?

ஜவ்வாது மலைக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. இது டி.நகர் ஃபிளாட் கிடையாது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர்னு மூணு மாவட்டத்துல பரவின மலை. அந்தப் பக்கம் காவலூர்ல 1986-ல திறந்த 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கு. இருட்டான வானம் வேணும்னுதான் அங்க போனாங்க. அவ்வளவு காடு, அவ்வளவு குறைஞ்ச ஊர். இங்க வாழுறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடி மக்கள். அவங்க நிலத்துக்குப் பல வகையான உரிமைப் பத்திரங்கள் இருக்கு. எல்லாத்தையும் விக்க முடியாது.

2006-ம் வருஷ வன உரிமைச் சட்டத்துல கொடுத்த பட்டான்னா, அது வாரிசுக்குப் போகும், ஆனா விக்க முடியாது. அரசு ஒப்படை பண்ணின நிலத்துல நிபந்தனை பட்டா இருந்தா, யாருக்கு விக்கலாம்னு அந்த நிபந்தனையே சொல்லும். இந்தக் கட்டுப்பாடுகள் இருக்கிறது நல்லதுதான். இல்லைன்னா எங்களை மாதிரி ஆளுங்க போயி அந்த மக்களோட நிலத்தை எப்பவோ வாங்கி முடிச்சிருப்போம். ஆனா அப்படிப்பட்ட இடத்துல கட்டின வீட்டை யாராவது வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தா, நம்ம கணக்குல விக்கிற விலைங்கிற இடத்துல பூஜ்யம் போடணும். 33 லட்சம் கொடுத்து 6.17 லட்சம் வாங்கின கதை ஆயிடும்.

இன்னொண்ணு, என்ஆர்ஐ விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. ஃபெமா விதி அது. பரம்பரையா வந்தா வெச்சுக்கலாம். தரகர் முதல்ல காட்டினது புளியமரம், பலாமரத்தோட அரை ஏக்கர். அப்பா மயங்கிட்டார். மாமா பேர்ல அதை வாங்கவே முடியாது. "அப்போ என் பேர்ல வாங்குறேன்"னார் அப்பா. வாங்கலாம். ஆனா அது அப்பா சொத்து ஆயிடும், நாளைக்கு அதுல எனக்கும் பங்கு வரும். அக்கா கேமராவுல என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க.

30 லட்சம் வீடு நத்தம் பட்டாவுல இருந்தது. அதாவது ஊர்க் குடியிருப்பு இடம். அதனால அக்கா வாங்க முடியும், விக்கவும் முடியும். ஆனா பத்து வருஷம் கழிச்சு அதை 54 லட்சத்துக்கு வாங்கப் போறது யார்? உள்ளூர்ல அந்தத் தொகை கையில இருக்கிறவங்க குறைவு. வெளியூர்க்காரர் வந்தா பேங்க் லோன் கேட்பார், பத்திரம் சுத்தமா இருக்கணும். அக்கா அப்பவும் என்ஆர்ஐயா இருந்தா, வாங்குறவர் வரி பிடிக்கணும். முன்கூட்டியே வருமான வரித் துறைகிட்ட குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கலைன்னா, லாபத்துக்கு மட்டும் இல்லாம முழு விலைக்கும் சேர்த்துப் பிடிச்சுடுவாங்க. திரும்ப வரும், ஆனா ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்கணும்.

எஃப்டிக்கும் ஓட்டை உண்டு

மாமா பக்கமும் முழு நியாயம் இல்ல. ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் இன்சூரன்ஸ். 33 லட்சத்தை ஒரே இடத்துல போட்டா 28 லட்சத்துக்குக் காப்பு கிடையாது. அதனால பிரிச்சுப் போடணும். அக்கா ஆறு வருஷத்துலயே திரும்பி வந்துட்டா என்ஆர்இ தகுதி போயிடும், அதுக்கு அப்புறம் வட்டிக்கு வரி. வட்டி விகிதமும் மாறும், நீண்ட காலத்துக்குப் போட்டா மட்டும்தான் அது பூட்டப்படும். அமெரிக்காவுல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: இங்க வரி இல்லைன்னாலும் அங்க என்ஆர்இ வட்டிக்கு வரி கட்டணும். உங்க கணக்குல 6.5-க்குப் பதிலா வரி போக மிஞ்சுற விகிதத்தைப் போடுங்க, வீடு கொஞ்சம் மேல வரும்.

ரூபாய் மதிப்பு சரியுறதைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. வீடும் ரூபாய்ல, என்ஆர்இயும் ரூபாய்ல. சரிஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் சரியும். இந்த ரெண்டுக்கு நடுவுல தேர்ந்தெடுக்க அது உதவாது.

கடைசியில என்ன ஆச்சு

மூணாவது ஞாயிறு ஒரு நம்பரோட போனேன். இடம் வருஷம் 8 சதவீதம் ஏறும், கட்டடம் 20 லட்சத்துலயே நிக்கும்னு வைப்போம். அப்போ இந்த வீட்டுக்கு நாம கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை 24.4 லட்சம். "அந்த விலைக்குக் கொடுத்தா வாங்கலாம்பா"ன்னேன். அப்பா கேட்டுப் பார்த்தார். அவங்க 29-க்குக் கீழ இறங்கல.

அதுவரைக்கும் அமைதியா இருந்த அம்மா அப்போதான் பேசினாங்க. "மாசா மாசம் சுகருக்கு வேலூர் போறேன். மலை இறங்கி ஏறுறது யாரு? ரெண்டு வருஷத்துல எனக்கு முடியலைன்னா அந்த வீட்டை என்ன பண்ணுவீங்க?" எங்க ஷீட்ல பத்து வருஷம்னு ஒரே ஒரு காலம்தான் இருந்தது. ரெண்டு வருஷத்துல விக்கணும்னா, உள்ள வரும்போது கொடுத்த 3 லட்சமே எழும்பாது. அதை எக்செல் சொல்லல, அம்மா சொன்னாங்க.

அப்புறம் அக்காதான் வழி கண்டுபிடிச்சா. 33 லட்சத்துக்கு வருஷ வட்டி 2,14,500. மாசத்துக்குக் கிட்டத்தட்ட 17,900. ஜமுனாமரத்தூர்ல அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 8,000. "அப்பா, நீங்க மலையில வாடகைக்கே இருங்க. வாடகை நான் தரேன். அம்மாவுக்கு முடியலைன்னா ஒரு மாச நோட்டீஸ்ல கீழ வந்துடலாம்."

அப்பா ஒத்துக்கிட்டார், ஆனா சந்தோஷமா இல்ல. "வாடகை வீட்டுல ஒரு முருங்கை மரம் வெக்கக்கூட யோசிக்கணும்டா"ன்னார். அது உண்மை. அந்த மரத்துக்கு என் கோடுல இடம் கிடையாது. ஆனா ஒண்ணு மட்டும் அவர்கிட்ட சொன்னேன். இன்னைக்கு நிலவரப்படி அந்த வீட்டுக்கும் எஃப்டிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கிட்டத்தட்ட 5.6 லட்சம். சொந்த வீடுங்கிற நிம்மதிக்கு அந்த விலை கொடுக்கணும்னு அக்காவும் மாமாவும் தெரிஞ்சே முடிவு பண்ணினா அது தப்பே இல்ல. "டபுள் ஆகும்"னு நம்பி, தெரியாம கொடுக்கிறதுதான் தப்பு.

உங்க ஊர்க் கணக்கை இதே மாதிரி போட்டுப் பாருங்க. எவ்வளவுக்கு வித்தா சமம்னு கண்டுபிடிச்சு, அதுல கட்டடத்தைக் கழிச்சு, சென்டுக்கு எவ்வளவுன்னு மாத்தி, அந்த நம்பரை ஊர்ல நாலு பேர்கிட்ட கேளுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு மெயில்ல எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.